அத்தியாயம் 6: ஒரு பாஸ், ஆறு முறைகள்

கட்டளையிலிருந்து கண்டறிதல் வரை: வாலிபால் அண்டர்ஹேண்ட் பாஸைக் கற்பிக்கும் நான்கு பீரியடுகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் உள்ள ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்புக்கு பி.டி. பீரியட் எடுக்கும் சார் அல்லது டீச்சர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. நீங்கள் உடற்கல்வி படித்தவராக இருக்க வேண்டியதில்லை. வகுப்பில் 36 பிள்ளைகள். பீரியட் 40 நிமிடம். மைதானம் சரல் மண். 1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்ட மாநில எல்லைக்குக் கேரளப் பக்கம் நின்றுபோன தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் மலையாளம் பேசும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் இடம் அது.

நான்கு பீரியடுகளில் ஒரே ஒரு திறனை, வாலிபாலின் அண்டர்ஹேண்ட் பாஸை, ஆறு விதமாகக் கற்பிக்கப் போகிறீர்கள். இதைச் செய்து பழகினால், வேறு எந்தத் திறனை எடுத்தாலும் அதன் எந்தப் பகுதிக்கு எந்த முறை பொருந்தும் என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியும்.

## தெரிந்துகொள்ள வேண்டிய தத்துவம், இவ்வளவுதான்

மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வியாளர் 1966-ல் வெளியிட்ட நூலில் கற்பித்தல் முறைகளை ஒரு நிறமாலைபோல வரிசைப்படுத்தினார். பிறகு சாரா ஆஷ்வொர்த்துடன் சேர்ந்து அதை விரித்தார். அவர் பார்த்தது ஒன்றைத்தான்: பாடத்தில் முடிவுகளை எடுப்பது யார்? எங்கே நிற்பது, எப்போது தொடங்குவது, எத்தனை தடவை செய்வது, செய்தது சரியா என்று சொல்வது ஆகிய முடிவுகள் ஆசிரியர் கையில் இருக்கின்றனவா, மாணவர் கையில் இருக்கின்றனவா? ஒரு முடிவு கை மாறினால் முறையும் மாறுகிறது.

முழு வரிசையில் பதினொரு முறைகள் உண்டு. நமக்கு வேண்டியவை முதல் ஆறு.

1. கட்டளை முறை: எல்லா முடிவும் ஆசிரியருடையது.
2. பயிற்சி முறை: இடம், வேகம், தொடங்குவது, நிறுத்துவது ஆகியவை மாணவரிடம் வருகின்றன. திருத்தம் சொல்வது ஆசிரியர்தான்.
3. இணை முறை: திருத்தம் சொல்லும் வேலை சக மாணவரிடம் போகிறது.
4. தன்சோதனை முறை: மாணவர் தன்னைத் தானே சரிபார்க்கிறார்.
5. உள்ளடக்கும் முறை: எந்தக் கடினநிலையில் தொடங்குவது என்பதையும் மாணவரே தேர்கிறார்.
6. வழிநடத்திக் கண்டறியவைக்கும் முறை: ஆசிரியர் விடையைச் சொல்வதில்லை. கேள்விகளின் வரிசை மாணவரை விடைக்குக் கொண்டுபோகிறது.

முதல் ஐந்திலும் ஆசிரியர் காட்டியதை மாணவர் திரும்பச் செய்கிறார். ஆறாவதில், இதுவரை அவருக்குச் சொல்லப்படாத ஒன்றை அவரே கண்டுபிடிக்கிறார்.

இது ஏணி அல்ல. மேலே இருப்பது உயர்ந்தது, கீழே இருப்பது மட்டம் என்று எண்ண வேண்டாம். மாஸ்டனின் முதல் நூலில் அந்தச் சாயல் இருந்தது. பின்னால் அவரே அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறைக்கும் தனி வேலை உண்டு என்ற நிலைக்கு வந்தார். நம் பாடத்திட்டமும் அந்த வரிசையில் போகாது. வரிசையில் ஆறாவதாக வருவதை நாம் முதல் பீரியடிலேயே எடுக்கிறோம். காரணம் எளிது. விடையைச் சொல்லிவிட்ட பிறகு கண்டறிவதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

## தயார் செய்ய வேண்டியவை

* 12 பந்துகள். வாலிபால் ஆறு இருந்தால் மற்ற ஆறு லேசான பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பந்துகளாக இருக்கலாம்.
* 10 மீட்டர் கயிறு, அதில் கட்டச் சிவப்புத் துணித் துண்டுகள்.
* சுண்ணாம்புத் தூள் அல்லது சாக்பீஸ்.
* அட்டைகள்: இணை முறைக்கு 12, தன்சோதனைக்கு 36. பழைய நோட்டின் மேலட்டையே போதும்.
* விசில்.

பந்தின் காற்று. முறையான வாலிபால் 260 முதல் 280 கிராம் எடை இருக்கும். முழுக் காற்றடைத்த பந்து புதிதாகக் கற்கும் பிள்ளையின் முன்கையைச் சிவக்கவைக்கும். வலி வந்தால் பிள்ளை கையை ஒதுக்கிக்கொள்ளும், அதோடு திறன் கெட்டுவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகும் அளவுக்குக் காற்றைக் குறையுங்கள்.

மொழி. இரண்டு மொழிப் பிள்ளைகளும் சேர்ந்த வகுப்பானால் அட்டையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் எழுதுங்கள். கட்டளைகளைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த ‘ரெடி’, ‘ஸ்டாப்’ போன்ற சொற்களிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்டறியவைக்கும் கேள்விகளைப் பிள்ளை வீட்டில் பேசும் மொழியில்தான் கேட்க வேண்டும். கேள்வியைப் புரிந்துகொள்வதற்கே மூச்சு வாங்கினால் யோசிக்க நேரம் இருக்காது.

### பாதுகாப்பு: பந்தை எடுக்கும் முன்

* சரல் கற்களைப் பிள்ளைகளையே வரிசையாக நடந்து பொறுக்கவையுங்கள். இடவப்பாதி மழைக்காலத்தில் பாசி பிடித்த ஓரங்களைக் கயிறு கட்டி ஒதுக்குங்கள்.
* தென்னைக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. மட்டையும் தேங்காயும் விழும்.
* ரோடு பக்கம் மதில் இல்லையென்றால் பந்து போகும் திசையை மைதானத்துக்கு உள்நோக்கி வையுங்கள். வெளியே போன பந்தை எடுக்க ஆசிரியர் மட்டும்தான் போக வேண்டும்.
* மோதிரம், வளையல், வாட்ச் கழற்றப்பட வேண்டும்.
* ஒரு விசில் கேட்டால் பந்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். இந்த விதி ஆறு முறைகளுக்கும் பொது. இதில் மாணவருக்கு விருப்பம் கிடையாது.

## நான்கு பீரியடுகளின் திட்டம்

* பீரியட் 1: கட்டளை முறை 10 நிமிடம், கண்டறியவைக்கும் முறை 20 நிமிடம்.
* பீரியட் 2: பயிற்சி முறை 12 நிமிடம், இணை முறை 18 நிமிடம்.
* பீரியட் 3: இணை முறை 10 நிமிடம், தன்சோதனை முறை 20 நிமிடம்.
* பீரியட் 4: உள்ளடக்கும் முறை 20 நிமிடம், சிறு ஆட்டம் 10 நிமிடம்.

மீதி நேரம் உடலைச் சூடேற்றவும் பந்துகளை எண்ணி அடுக்கவும் சரியாக இருக்கும்.

## பீரியட் 1: கட்டளை முறை

கை கோக்கும் விதமும் நிற்கும் விதமும் எல்லோருக்கும் ஒன்றுதான். தவறாகக் கோத்தால் விரல் காயப்படும். இங்கே பிள்ளை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. அதனால் கட்டளை முறையே சரி. பந்து வேண்டாம்.

1. ஒரு கை நீட்டினால் அடுத்தவர்மேல் படாத தூரத்தில் ஆறு வரிசைகளாக நிறுத்துங்கள்.
2. நீங்களே செய்துகாட்டுங்கள். முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை.
3. ‘ஒன்று’: கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வை.
4. ‘இரண்டு’: முழங்காலை மடக்கு, எடை முன்பாதத்தில்.
5. ‘மூன்று’: ஒரு கையின் விரல்கள் மேல் மறு கையின் விரல்களை வை. கட்டைவிரல் இரண்டும் ஒட்டி, நேராக முன்நோக்கி.
6. ‘நான்கு’: முழங்கையை நேராக்கு. முன்கை இரண்டும் ஒரே பலகையாகட்டும்.
7. ‘விடு’: நிமிர்ந்து தளர்ந்து நில்.

எண்ணிக்கையை மெதுவாகத் தொடங்குங்கள். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு வேகம் கூட்டலாம். எண் சொன்ன உடனே 36 பேரும் ஒன்றாக அசைகிறார்களா என்பதுதான் இந்த முறை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

வழக்கமான தவறுகள்

* விரல்களை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்வது. பந்து பட்டால் விரல் சுளுக்கும்.
* பத்து நிமிடத்தைத் தாண்டி நீட்டுவது. கவனம் போனபின் எண்ணிக்கை வெறும் சத்தம்.
* எல்லாவற்றிலும் பெரிய தவறு: ‘கையை இவ்வளவு சாய்த்துப் பிடி, பந்து அங்கே போகும்’ என்று சொல்லிவிடுவது. கையின் சாய்வைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அடுத்த இருபது நிமிடம் அதற்காகத்தான்.

## பீரியட் 1, இரண்டாம் பாதி: கண்டறியவைக்கும் முறை

முதலில் ஒரு தாளில், பிள்ளைகள் வந்துசேர வேண்டிய விடையை எழுதுங்கள்: *பந்து எந்தப் பக்கம் போகும் என்பதை முடிவுசெய்வது, தொடும் நேரத்தில் முன்கைப் பலகை பார்க்கும் திசை.* பிறகு அதிலிருந்து பின்னோக்கி நடந்து கேள்விகளை அமையுங்கள். ஒவ்வொரு கேள்வியும் முந்தைய விடையின் மேல் நிற்க வேண்டும். இந்த வேலையை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். மைதானத்தில் நின்று யோசித்தால் கேள்வி உடனே விடையாக மாறிவிடும்.

அமைப்பு. மூன்று பேர் ஒரு குழு, மொத்தம் 12 குழு. ஒருவர் மூன்று மீட்டர் தள்ளி நின்று இரண்டு கையாலும் கீழிருந்து மெதுவாகப் பந்து போடுவார். ஒருவர் பாஸ் செய்வார். ஒருவர் பந்து பொறுக்குவார். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் இடம் மாற்றுங்கள்.

வாய் மூடும் விதி. இந்த முறை ஒரே பிள்ளையிடம் நன்றாக நடக்கும். 36 பேரிடம் ஒரு சிக்கல் உண்டு. ஒருவன் விடையைக் கத்திவிட்டால் மற்ற 35 பேருக்கும் கண்டறிதல் முடிந்துபோகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “மக்களே, இப்போ யாரும் வாயால பதில் சொல்லப்படாது. பந்தால காட்டணும், இல்லேன்னா கையால காட்டணும்.” மொழிச் சிக்கலும் இதில் பாதி தீர்ந்துவிடும்.

கேள்வி 1. “பந்து போடுறவங்க கால அசைக்காமப் பிடிக்கணும். அஞ்சு தடவை செய்யுங்க. உன் பந்து எங்க போச்சுன்னு விரலால காட்டு.”

சிலர் தலைக்கு மேலே காட்டுவார்கள், சிலர் பின்னால், சிலர் எதிரே நிற்பவரின் காலடியை. எல்லாம் சரியான பதில்தான். நடந்ததைத்தானே காட்டுகிறார்கள்? தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி 2. “பந்து நேரே மேல போச்சே, இல்லேன்னா பின்னால போச்சே, அப்போ உன் கை எப்படி இருந்தது? அப்படியே பிடிச்சுக் காட்டு.”

பலகை தரைக்குச் சமமாக, அல்லது தோளுக்கு மேலே ஏறி நிற்கும். மறந்துவிட்டேன் என்று விழிக்கும் பிள்ளையை இன்னும் இரண்டு தடவை பாஸ் செய்யவையுங்கள். கேள்வியை விளக்க வேண்டாம்.

கேள்வி 3. “கையை நேரே கீழே பார்க்கத் தொங்கவிட்டு, மூணு தடவை தொடு. இப்போ எங்க போகுது?”

பந்து தாழ்வாக முன்னால் பாய்ந்து எதிராளியின் காலடிக்குப் போகும். அவன் குனிந்து தடுமாறுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி 4. “மேலயும் போகப்படாது, காலடியிலயும் போகப்படாது. வளைஞ்சு வந்து அவன் நெஞ்சுக்கு நேரே இறங்கணும். கை எங்க இருக்கணும்? கண்டுபிடிச்ச உடனே கையை அங்கயே வச்சு நில்லு.”

இதற்கு மூன்று நிமிடமாவது கொடுங்கள். ஒவ்வொன்றாகக் கைகள் உறைந்து நிற்கத் தொடங்கும். 12 குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே சாய்வு தெரியும். சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். பந்து வரும் உயரமும் பிள்ளையின் உயரமும் மாறுவதால் அது இயல்பு.

கேள்வி 5. “இப்போ பந்து போடுறவன் போட்டுட்டு, வலப்பக்கம் ரெண்டு எட்டு வச்சு நிக்கட்டும். கையை வீசாம பந்தை அவன்கிட்ட அனுப்பு.”

பலகை அவனை நோக்கித் திரும்ப வேண்டும். சிலர் உடம்போடு திரும்புவார்கள், சிலர் ஒரு தோளைத் தாழ்த்துவார்கள். இரண்டும் சரி.

கேள்வி 6. இப்போது உட்காரவைத்து, வாயைத் திறக்க விடுங்கள். “பந்து எங்க போகணும்னு முடிவு பண்றது எது?”

“கை பார்க்கிற பக்கம் டீச்சர்” என்ற பொருளில் ஒரு பதில் வரும். அவர்கள் சொல்லும் சொற்களையே போர்டில் எழுதுங்கள். உங்கள் சொல்லுக்கு மாற்ற வேண்டாம்.

### பதில் தப்பானால் என்ன செய்வது?

கேள்வி 4-க்கு ஒரு பிள்ளை சாய்வை மாற்றாமல், பந்தை வேகமாக அடித்துத் தீர்க்கப் பார்க்கும். ‘தப்பு’ என்று சொல்லவேண்டாம். ‘இல்லை, கையைச் சாய்’ என்று விடையையும் சொல்லவேண்டாம். ஒரு படி பின்னால் போய்ச் சின்னக் கேள்வி ஒன்று கேளுங்கள்: “மெதுவாத் தொட்டா எந்தப் பக்கம் போகுது? வேகமாத் தொட்டா எந்தப் பக்கம் போகுது?” வேகம் தூரத்தை மாற்றுகிறது, பக்கத்தை அவ்வளவாக மாற்றவில்லை என்று பந்தே காட்டிவிடும். அதன் பிறகு கேள்வி 4-ஐத் திரும்பக் கேளுங்கள்.

இந்த முறையின் நான்கு ஒழுக்கங்கள்

1. விடையைச் சொல்லாதே.
2. பதில் வரும்வரை காத்திரு. மனதுக்குள் பத்து எண்ணு.
3. ஒவ்வொரு பதிலையும் கவனித்ததாகக் காட்டு.
4. எந்தப் பதிலையும் சிரித்துத் தள்ளாதே, தள்ளவும் விடாதே.

வழக்கமான தவறுகள்

* ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள். ‘கையைச் சாய்த்தால் நல்லதுதானே?’ என்பது கேள்வி வேடம் போட்ட கட்டளை.
* பெரிய தாவல். கேள்வி 1-லிருந்து நேரே 6-க்குப் போனால் நன்றாக ஆடும் நாலு பேர் மட்டும் பதில் சொல்வார்கள்.
* போன வருடமே கற்ற பிள்ளைகளிடம் இதை நடத்துவது. அவர்களுக்கு இது கண்டறிதல் அல்ல, நினைவூட்டல். அப்படிப்பட்டவர்களைப் பந்து போடுபவராக வைத்துக்கொள்ளுங்கள்.

## பீரியட் 2: பயிற்சி முறை

இப்போது வடிவமும் தெரியும், திசையும் தெரியும். வேண்டியது பல தடவை செய்வது. வேலையைப் போர்டிலோ அட்டையிலோ எழுதி மாட்டுங்கள்.

1. மூன்று மீட்டரிலிருந்து வரும் பந்தை நேரே திருப்பி அனுப்பு: 10 தடவை.
2. வலப்பக்கம் நகர்ந்து நிற்பவருக்கு அனுப்பு: 5 தடவை.
3. இடப்பக்கம்: 5 தடவை.

எந்த இடத்தில் நிற்பது, எதை முதலில் செய்வது, எப்போது தொடங்குவது, நடுவில் எவ்வளவு ஓய்வெடுப்பது ஆகியவை பிள்ளைகளின் முடிவு. 12 நிமிடம் ஆனதும் ஒரே விசில்.

உங்கள் வேலை சுற்றி நடப்பது. ஒருவர் பக்கத்தில் நின்று, மூன்று நான்கு பாஸ் பார்த்து, ஒரே ஒரு திருத்தம் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். ‘நல்லது’ என்று மட்டும் சொன்னால் எது நல்லது என்று பிள்ளைக்குத் தெரியாது. “தொடும்போ முழங்கை நேரா இருந்தது, அதனாலதான் பந்து நேரே போச்சு” என்று சொல்லுங்கள்.

வழக்கமான தவறு. ஒவ்வொரு பாஸுக்கும் விசில் ஊதுவது. விசில் ஊதியதும் தொடங்கும் முடிவு உங்களிடம் திரும்பி வந்துவிடுகிறது. பிள்ளைகள் பரவி நின்றாலும் நடப்பது கட்டளை முறையே. பாடத்துக்கு வேறு பெயர் வைத்தோம், ஆட்டத்தை மாற்றினோம் என்பதால் முறை மாறிவிடாது.

## பீரியட் 2, 3: இணை முறை

36 பேருக்கும் தனித்தனியாகத் திருத்தம் சொல்ல உங்களால் முடியாது. ஒவ்வொரு பாஸையும் பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும். அதைச் சக மாணவர் தருகிறார்.

மூன்று பேரில் ஒருவர் செய்பவர், ஒருவர் பார்ப்பவர், ஒருவர் பந்து போடுபவர். பார்ப்பவர் கையில் இந்த அட்டை இருக்கும்.

1. பந்து வருமுன்பே கை சேர்ந்துவிட்டதா?
2. முழங்கை நேராக இருந்ததா?
3. மணிக்கட்டுக்கு மேலே, முன்கையின் சதைப்பகுதியில் பட்டதா?
4. தொடும்போது முழங்கால் மடங்கி நிமிர்ந்ததா?
5. தொட்ட பிறகு கை தோளுக்குக் கீழேயே நின்றதா?

அட்டையில் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘நல்ல ஸ்டைலா?’ என்று எழுதினால் சண்டைதான் மிஞ்சும்.

படிகள்

1. செய்பவர் ஐந்து பாஸ் செய்கிறார். பார்ப்பவர் அப்போது பேசுவதில்லை.
2. பிறகு அட்டையைப் பார்த்து, சரியாக வந்ததை முதலில் சொல்கிறார். அடுத்து ஒரே ஒரு திருத்தம்.
3. இன்னும் ஐந்து பாஸ். அந்தத் திருத்தம் மட்டும் பார்க்கப்படுகிறது.
4. மூவரும் இடம் மாறுகிறார்கள்.

ஆசிரியருக்கு ஒரே கட்டுப்பாடு: பேசுவது பார்ப்பவரிடம் மட்டும். செய்பவரிடம் நேரே திருத்தம் சொன்னால் பார்ப்பவரின் வேலை அந்த நொடியே போய்விடும். பேச்சு இப்படிப் போகட்டும்:

“ரெண்டாவது வரி எப்படி இருந்தது?”
“சரியா இருந்தது சார்.”
“அஞ்சிலயுமா?”
“...ரெண்டுல மடங்குச்சு.”
“அதை அவகிட்டச் சொல்லு.”

தமிழ் டிவிஷன் பிள்ளையையும் மலையாள டிவிஷன் பிள்ளையையும் ஒரே குழுவில் போடலாம். ஆனால் முதல் நாள் வேண்டாம். மூன்றாம் பீரியடின் பத்து நிமிடத்தில் குழுவைக் கலைத்துப் போடுங்கள். அதற்குள் ஐந்து வரியும் இரண்டு மொழியிலும் வாய்க்குப் பழகியிருக்கும்.

எப்படித் தெரியும்? பார்ப்பவர் அட்டையைப் பார்க்காமலே பேசத் தொடங்கினால் ஐந்தும் மனதில் பதிந்துவிட்டது என்று பொருள். பார்ப்பவர் கேலி செய்கிறார் என்றால் அந்தக் குழுவை நிறுத்தி, ‘சரியாக வந்தது முதலில்’ என்ற விதியைத் திரும்பச் சொல்லவையுங்கள்.

## பீரியட் 3: தன்சோதனை முறை

அட்டையில் இருந்த கண் இப்போது பிள்ளைக்கு உள்ளே போகிறது. ஒரு எல்லை உண்டு: தன் முழங்கை மடங்கியதைத் தன்னால் பார்க்க முடியாது, பந்து எங்கே விழுந்தது என்று பார்க்க முடியும். அதனால் முடிவு கண்ணுக்குத் தெரியும் வேலையைத்தான் இந்த முறைக்குக் கொடுக்க வேண்டும்.

1. கண்ணாடி ஜன்னல் இல்லாத சுவரில் இரண்டு மீட்டர் உயரத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள்.
2. பிள்ளை சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பந்தைத் தானே எறிந்து, திரும்பி வருவதைக் கோட்டுக்கு மேலே பாஸ் செய்கிறது.
3. பத்து முயற்சி. கோட்டுக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்று தன் அட்டையில் எழுதுகிறது.
4. கீழே போனவை அதிகமானால் அட்டையில் உள்ள இரண்டு கேள்விகளைப் பார்க்கிறது: ‘பலகை எங்கே பார்த்தது? கால் நிமிர்ந்ததா?’
5. ஒரே ஒரு மாற்றம் செய்துகொண்டு இன்னும் பத்து.

பந்துக்கு மூவர் இருப்பதால் இருவர் காத்திருப்பார்கள். அவர்கள் மற்றவனுக்குத் திருத்தம் சொல்லத் தொடங்கினால் இது இணை முறையாகிவிடும். மூன்று மீட்டர் கோட்டில் பக்கவாட்டில் நகர்ந்து, காலைப் பின்னாமல் எத்தனை தடவை போய்வர முடிகிறது என்று எண்ணும் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். அதுவும் தன்சோதனைதான்.

சுவர் இல்லையென்றால் இரண்டு மீட்டர் வட்டம் வரையுங்கள். பந்தைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி, வட்டத்தை விட்டு வெளியே போகாமல் எத்தனை தொடுதல் என்று எண்ணட்டும்.

வழக்கமான தவறு. அட்டையை வாங்கிப் பார்த்து, மார்க் போட்டு, வகுப்பில் வாசிப்பது. அடுத்த தடவை எல்லா அட்டையிலும் பத்துக்குப் பத்து இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, “நீ என்ன மாத்தினே? அதுக்கப்புறம் எண்ணிக்கை என்ன ஆச்சு?” என்பது மட்டும்.

## பீரியட் 4: உள்ளடக்கும் முறை

கயிற்றை நேராகக் கட்டினால் குட்டையான பிள்ளை தோற்று ஓரத்தில் நிற்கும், உயரமானவனுக்குச் சலிக்கும். மாஸ்டன் இதற்குக் காட்டிய உதாரணம் சாய்த்துக் கட்டிய கயிறு. அவர் அதைத் தாண்டிக் குதிக்க வைத்தார். நாம் அதற்கு மேலே பந்தை அனுப்புகிறோம்.

1. மா, அயினி போன்ற உறுதியான இரண்டு மரங்களுக்கோ கம்பங்களுக்கோ இடையே கயிற்றைக் கட்டுங்கள். ஒரு முனை 1.5 மீட்டர், மறுமுனை 2.5 மீட்டர்.
2. சிவப்புத் துணியை அடிக்கொன்றாகக் கட்டுங்கள். தாழ்ந்த முனையில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடி மோதுவதுதான் இங்கே முதல் ஆபத்து.
3. கயிற்றின் இருபக்கமும் 1, 2, 3 மீட்டர் தூரத்தில் கோடுகள் போடுங்கள்.
4. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “கயிறு எங்க உனக்குச் சரியோ அங்க நில்லு. எந்தக் கோடுன்னும் நீயே பாரு. அஞ்சு பாஸ் செஞ்சுட்டு, வேணும்னா இடம் மாறு.”
5. ஒரு நேரத்தில் நான்கு குழுக்கள் மட்டும் கயிற்றில். மற்ற எட்டும் சுவர்ப் பக்கம் தன்சோதனையைத் தொடரட்டும். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வழக்கமான தவறு. “நீ பெரிய பையன்தானே, அங்க போ” என்பது. தேர்ந்தெடுக்கும் முடிவைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டீர்கள். ஒரு பிள்ளை எப்போதும் எளிதான இடத்திலேயே நின்றால், “அஞ்சுல எத்தனை தாண்டுச்சு? அடுத்த அஞ்சு எங்கேயிருந்து?” என்று மட்டும் கேளுங்கள். முடியாத உயரத்தில் நின்று வீம்பு பிடிப்பவனிடமும் இதே கேள்விதான்.

எப்படித் தெரியும்? பிள்ளைகள் கயிற்றின் நீளவாக்கில் மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருந்தால் முறை வேலை செய்கிறது. எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்தால், நண்பன் நிற்கும் இடத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். குழுக்களைக் கலைத்துப் பாருங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் அதே கயிற்றின் மேல் மூன்றுக்கு மூன்று ஆட்டம். சர்வீஸ் வேண்டாம், பந்தை எறிந்து தொடங்கலாம். பீரியட் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து எடுத்துவையுங்கள். சாயங்காலம் அந்த வழியாக சைக்கிளில் போகிறவர்கள் உண்டு.

## நான்கு பீரியடுக்குப் பிறகு: எங்கே திரும்பிப் போவது?

சிறு ஆட்டத்தைப் பார்க்கும்போது ஒரு தாளில் மூன்று தவறுகளை மட்டும் எண்ணுங்கள். எது அதிகமோ அதற்குரிய முறைக்குத் திரும்புங்கள்.

* கை விரல் பின்னுகிறது, முழங்கை மடங்குகிறது: வடிவக் கோளாறு. கட்டளை முறையில் ஐந்து நிமிடம், பிறகு இணை முறை அட்டையின் முதல் இரண்டு வரிகள்.
* வடிவம் சரி, பந்து கண்ட பக்கம் போகிறது: பலகையின் திசை பிடிபடவில்லை. கேள்வி 4, 5 இரண்டையும் அந்தக் குழுவுக்கு மட்டும் திரும்ப நடத்துங்கள். விடையைச் சொல்லி முடிக்கும் ஆசையை அடக்குங்கள்.
* பந்து நேரே போகிறது, ஆனால் எட்டவில்லை, கையை வீசி அடிக்கிறார்கள்: காலின் விசை வரவில்லை. இதற்குப் புதிய கண்டறிதல் வரிசை ஒன்றை நீங்களே எழுதலாம். முதல் கேள்வி: “முழங்காலை மடக்காம நின்னு பாஸ் செய். அப்புறம் மடக்கி நிமிர்ந்துக்கிட்டே செய். எது தூரம் போச்சு?” அங்கிருந்து நான்கு கேள்விகளில் ‘தூரத்தைத் தருவது கால், திசையைத் தருவது கை’ என்ற விடைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவர முடிகிறதா என்று வீட்டில் தாளில் போட்டுப் பாருங்கள்.

மழை நாளில் வராந்தாவில் வகுப்பு நடந்தால் பந்து வேண்டாம். ஈரத் தரையில் பக்கவாட்டு நகர்வும் வேண்டாம். நின்ற இடத்தில் கட்டளை முறையும், பந்தில்லாமல் இணை முறை அட்டையின் 2, 4 வரிகளும் போதும்.

அடுத்த அத்தியாயத்தில் கபடியின் பிடிக்கு இதே ஆறு முறைகளைப் பொருத்துகிறோம். அங்கே உடம்போடு உடம்பு மோதுவதால் கட்டளை முறையின் பங்கு கூடும், தன்சோதனையின் பங்கு குறையும். அதற்கு வருமுன், கால் விசைக்கான கேள்வி வரிசையை எழுதி, மூன்று பிள்ளைகளிடம் மட்டும் நடத்திப் பாருங்கள். எந்தக் கேள்வியில் மூவரும் ஒன்றாக முழிக்கிறார்களோ, அங்கே நடுவில் இன்னொரு கேள்வி தேவை.